பின்கட்டு ஷெட்டும் திருப்பூர் பனியனும்: கூலிக்குப் பேக்கிங் எடுப்பவர்கள் தெரிந்திருக்க வேண்டிய ஒரு வரலாறு



ஊரில் இப்போது பல இடங்களில் ஒரே பேச்சு கேட்கிறது. கார்மென்ட்ஸில் பத்து வருடம் வேலை செய்த தாத்தாமார், கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருந்து திரும்பிய தம்பிமார், தோட்டத்து வேலையை விட்டு வந்த அண்ணன்மார் எல்லாரும் அதையே சொல்கிறார்கள். "வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் சும்மாதானே கிடக்கிறது, பக்கத்துச் சின்ன ஃபக்டரியில் இருந்து சாமான் எடுத்து, நூல் வெட்டி, அயன் பிடித்து, பேக் பண்ணிக் கொடுத்தால் என்ன?" நல்ல கேள்விதான். மெஷின் வாங்கத் தேவையில்லை, துணி வாங்கத் தேவையில்லை, விற்கவும் தேவையில்லை. கைவேலைக்குக் கூலி. ஒரு தொழிலாளி முதன்முதலாகச் சொந்தமாக ஒன்றைத் தொடங்க இதைவிட இலேசான வழி இல்லை என்றுதான் தோன்றும்.

இந்த வழியில் போய் உண்மையிலேயே முதலாளிகளான தொழிலாளர்கள் நிறைந்த ஊர் ஒன்று உண்டு. தமிழ்நாட்டின் திருப்பூர். அதே வழியில் போய் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் நிறைந்த ஊரும் அதே திருப்பூர்தான். முதல் தலைமுறை ஏன் மேலே ஏறியது, அடுத்த தலைமுறை ஏன் ஏறவில்லை என்று பார்த்தால், நம் ஷெட்டுக்கு என்ன வேண்டும் என்பது விளங்கும். கொஞ்சம் நீளமான பதிவு. தேநீரோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

எல்லாம் ஒரே கூரைக்குள் இருந்த காலம்

திருப்பூரின் முதல் பின்னலாடைக் கம்பனியைத் தொடங்கியவர் குலாம் காதர் சாகிப் என்பார்கள். ஆண்டு 1925. பேபி நிட்டிங் என்பது அதன் பெயர். அப்போது கையால் சுற்றும் பின்னல் மெஷின்கள்தான். பைக்காரா மின்சாரம் 1930களில் அந்தப் பக்கம் வந்த பிறகு பனியன் கம்பனிகள் பெருகின. பருத்தி பக்கத்தில் விளைந்தது, நூல் கோயம்புத்தூர் மில்களில் கிடைத்தது.

அந்தக் காலத்துக் கம்பனி முழுக் கம்பனி. நூலைப் பின்னித் துணியாக்குவது, வெளுப்பது, வெட்டுவது, தைப்பது, மடித்துப் பெட்டியில் அடுக்குவது எல்லாம் ஒரே முதலாளியின் ஒரே வளவுக்குள் நடந்தன. பேக்கிங் என்று தனித்தொழில் கிடையாது. அது கம்பனியின் கடைசி மூலையில் நடந்த ஒரு வேலை, அவ்வளவுதான்.

1960கள், 70களில் இந்த முழுக் கம்பனிகள் உடைந்தன. காரணம் ஒன்றல்ல. தொழிற்சங்கங்கள் பலமடைந்து சம்பளத்துக்காகவும் பஞ்சப்படிக்காகவும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மின்சாரம் பாவிக்கும் இடமாயின் பத்துப் பேர், மின்சாரம் இல்லாத இடமாயின் இருபது பேர் என்ற எண்ணிக்கையில் இருந்துதான் அப்போது பிடித்தது. ஒரு கம்பனியை ஐந்து சிறு இடங்களாகப் பிரித்துவிட்டால் ஒவ்வொன்றும் அந்த எண்ணிக்கைக்குக் கீழே நிற்கும், சங்கமும் ஒரே வாசலில் கூட முடியாது. மூன்றாவது காரணம் சந்தை. பனியன் விற்பனை ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும். இறங்கும் மாதத்தில் சும்மா இருக்கும் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க முதலாளிக்கு விருப்பமில்லை.

அதனால் முதலாளி தன் நல்ல வேலையாட்களைக் கூப்பிட்டு, "நீயே தனியாக வை, வேலையை நான் தருகிறேன், கூலி வாங்கிக்கொள்" என்றார். இதுதான் ஜாப் வொர்க். பின்னலுக்கு ஒருவர், சாயத்துக்கு ஒருவர், தையலுக்கு ஒருவர், காஜா பட்டனுக்கு ஒருவர், செக்கிங் அயர்னிங் பேக்கிங்குக்கு ஒருவர் என்று ஊரே ஒரு நீண்ட ஃபக்டரியாக மாறியது. சாமான் ஒரு ஷெட்டில் இருந்து அடுத்த ஷெட்டுக்குச் சைக்கிளிலும் வண்டியிலும் போனது.

ஒன்றைக் கவனியுங்கள். முதலாளி தொழிலாளியிடம் வேலையை மட்டும் கொடுக்கவில்லை. வேலை இல்லாத நாளின் சுமையையும் சேர்த்துத்தான் கொடுத்தார். ஜாப் வொர்க் பிறந்ததே அந்தச் சுமையை யார் தலையில் வைப்பது என்ற கேள்வியில் இருந்துதான். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

பினிஷிங் என்றால் என்ன நடக்கிறது

தைத்த உடுப்பு கட்டுக் கட்டாக வரும். ஒவ்வொரு கட்டிலும் ஒரு சீட்டு இருக்கும்: சைஸ், நிறம், எண்ணிக்கை. முதல் வேலை எண்ணுவது. சீட்டில் ஐம்பது என்று இருந்து கட்டில் நாற்பத்தெட்டு இருந்தால், அன்றே சொல்லாவிட்டால் அந்த இரண்டும் உங்கள் கணக்கில் விழும்.

பிறகு பிசிறு வெட்டுவது. தையல் முனைகளில் தொங்கும் நூலைச் சிறு கத்தரியால் வெட்ட வேண்டும். அவசரத்தில் துணியையும் சேர்த்து வெட்டிவிடுவது இங்குதான் நடக்கும். பின்னல் துணியில் ஒரு கண்ணி அறுந்தால் துவைத்த பிறகு ஓட்டையாகும். இன்று கண்ணுக்குத் தெரியாது, வாங்கியவர் வீட்டில் தெரியும்.

அடுத்தது செக்கிங். வெள்ளை வெளிச்சத்தின் கீழே உட்புறமும் வெளிப்புறமும் பார்த்து, தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை, ஓட்டை, அளவு வித்தியாசம் ஆகியவற்றைக் கண்டுபிடித்து, பிழையான இடத்தில் சிறு ஸ்டிக்கர் ஒட்டி மூன்றாகப் பிரிக்க வேண்டும்: நல்லது, திருத்த வேண்டியது, கழிவு. திருத்த வேண்டியதைத் திருப்பூரில் ஆல்டர் என்பார்கள்.

பின்பு அயன். சின்ன ஷெட்டில் தண்ணீர்ப் போத்தல் மேலே தொங்கும் நீராவி அயன் போதும். பெரிய இடங்களில் அயன் மேசைக்குக் கீழே காற்றை உறிஞ்சும் மோட்டார் இருக்கும். அது ஆடம்பரத்துக்கு அல்ல. நீராவி துணிக்குள் விட்ட ஈரத்தை அது இழுத்துவிடும். அந்த மோட்டார் இல்லாத இடத்தில் அயன் பிடித்த உடுப்பை விரித்து ஆறவிட்ட பிறகுதான் மடிக்க வேண்டும்.

நம் ஊரில் இதைத்தான் மிகவும் கவனிக்க வேண்டும். ஐப்பசி தொடங்கித் தை வரை பசறைப் பக்கம் மழையும் மூடுபனியும். தகரக் கூரை இரவில் வியர்த்துச் சொட்டும். சூட்டோடு மடித்துப் பொலித்தீன் பையில் போட்டு ஒட்டினால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லை. பெட்டிக்குள் இரண்டு மூன்று வாரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும், கரும்புள்ளி விழும், அது கழுவினாலும் போகாது. கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. இன்று பேக் பண்ணியதில் பத்துப் பையை எடுத்து வைத்து, நாளைக் காலையில் பாருங்கள். பையின் உட்புறம் மங்கலாகப் புகை படிந்ததுபோல் இருந்தால், நேற்றைய முழு வேலையையும் பிரித்து ஆறவிட வேண்டும். பெட்டிகளை ஒருபோதும் சீமெந்துத் தரையில் வைக்கக் கூடாது. பலகை அடுக்கின் மேல், சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும்.

பினிஷிங் என்பது சங்கிலியின் கடைசி வளையம். பின்னலில் நேர்ந்த பிழை, சாயத்தில் நேர்ந்த பிழை, தையலில் நேர்ந்த பிழை எல்லாம் முதன்முதலாக வெளிச்சத்துக்கு வருவது உங்கள் மேசையில். முன்னால் இருந்தவர்கள் தாமதித்த நாட்களும் உங்கள் நாட்களில்தான் கழிக்கப்படும். லொறி வரும் நாள் மாறாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கீழே வரும் எண்கள் கணக்கு விளங்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. உங்கள் இடத்துக் கூலியையும் விலையையும் அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறைதான் முக்கியம்.

ஒரு ரீ சேட்டுக்குப் பிசிறு வெட்ட, செக் பண்ண, அயன் பிடிக்க, மடித்துப் பையில் போட எல்லாமாக மூன்று நிமிடம் என்று வைப்போம். எட்டு மணித்தியாலம் என்றால் 480 நிமிடம். ஆனால் எவரும் 480 நிமிடமும் வேலை செய்வதில்லை. சாப்பாடு, தேநீர், கட்டு மாற்றுவது, கரண்ட் போவது எல்லாம் கழித்தால் 360 நிமிடம் தேறும். ஆறு பேர் என்றால் 2,160 நிமிடம். மூன்றால் பிரித்தால் ஒரு நாளைக்கு 720 உடுப்பு.

ஆறு பேருக்கும் தலைக்கு 1,500 ரூபா என்றால் 9,000 ரூபா. நம் நாட்டில் ஒருவரை வேலைக்கு வைத்தாலும் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். அது 1,350 ரூபா. மின்சாரம், வாகனம், ரேப், ஸ்டிக்கர், தேநீர் எல்லாம் 1,650 ரூபா. ஆக மொத்தம் 12,000 ரூபா. 720ஆல் பிரித்தால் ஓர் உடுப்புக்குக் கிட்டத்தட்ட 16 ரூபா 70 சதம். இதற்குக் கீழே கூலி பேசினால் கைக்காசு போகும்.

20 ரூபாவுக்குப் பேசிவிட்டோம் என்று வைப்போம். ஒரு நாளைக்கு 14,400 ரூபா. செலவு போக 2,400 ரூபா. ஓடித்திரியும் ஷெட்காரரின் கூலி, ஷெட்டின் வாடகை, இலாபம் எல்லாம் இதற்குள்தான். பரவாயில்லை என்றுதான் தோன்றும்.

இப்போது நூற்றுக்குப் பத்து உடுப்பு தையல் பிழையோடு வருகிறது என்று வைப்போம். அவற்றைத் தையலுக்கு அனுப்பித் திரும்ப வந்ததும் மறுபடி செக் பண்ணி, மறுபடி அயன் பிடிக்க வேண்டும். நூறு உடுப்புக்கு 300 நிமிடம் இருந்தது 330 ஆகிறது. ஒரு நாள் வேலை 720இல் இருந்து 654க்கு இறங்கும். வருமானம் ஏறக்குறைய 13,080 ரூபா. மிச்சம் ஆயிரத்துச் சொச்சம், அதாவது நீங்கள் வேலைக்கு வைத்தவரின் நாட்கூலியை விடக் குறைவு. பிழை செய்தது தையல்காரர், இழந்தது நீங்கள். அதனால்தான் திருத்தி வரும் உடுப்புக்குத் தனிக் கூலி என்று தொடக்கத்திலேயே பேச வேண்டும்.

அடுத்தது சாமான் வராத நாள். ஆறு நாள் வாரத்தில் ஒரு நாள் சாமான் வரவில்லை. ஆட்களைத் திருப்பி அனுப்பினால் அடுத்த கிழமை வேறு இடம் பார்த்துவிடுவார்கள், ஆகவே கூலி கொடுக்கிறீர்கள். ஐந்து நாள் மிச்சம் 12,000 ரூபா. சும்மா இருந்த நாளின் கூலியும் நிதிக் கட்டணமும் 10,350 ரூபா. வார முடிவில் கையில் 1,650 ரூபா. இரண்டு நாள் வராவிட்டால் கைக்காசில் இருந்து பதினோராயிரம் போகும்.

கடைசியாக, பணம் வரும் நாள். மாத முடிவில் பில் போட்டு, அதற்குப் பிறகும் காத்திருந்து, மொத்தத்தில் இரண்டு மாதம் கழித்துத்தான் காசு கையில் வருகிறது என்று வைப்போம். மாதத்துக்கு 25 வேலைநாள் என்றால் ஐம்பது நாள். நாளுக்கு 12,000 ரூபாப்படி 6 இலட்சம் ரூபா உங்கள் கையில் இருந்து வெளியே போன பிறகுதான் முதல் காசு வரும். கூலியைச் சனிக்கிழமை தோறும் கொடுத்தாக வேண்டுமே.

ஷெட் இருக்கிறது என்பதால் முதல் தேவையில்லை என்று நினைக்கிறோம். கணக்கோ வேறு சொல்கிறது. இந்தத் தொழிலின் முதல் ஷெட்டும் அல்ல, அயனும் அல்ல. பணம் வரும்வரை காத்திருப்பதற்கான காசுதான் முதல்.

முதல் தலைமுறை எப்படிக் காத்திருந்தது

ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 1990களில் திருப்பூரில் தங்கி, அங்குள்ள முதலாளிகளின் வாழ்க்கைக் கதைகளைச் சேகரித்து 2004இல் ஒரு நூல் வெளியிட்டார். திருப்பூர் முதலாளிகளிடம் எப்படி முன்னேறினீர்கள் என்று கேட்டால் பலரும் சொன்ன ஒரே சொல் உழைப்பு. அது பொய்யல்ல. அவர்களில் பெருந்தொகையானோர் சிறு விவசாயக் குடும்பங்களில் இருந்து வந்து பனியன் கம்பனியில் கூலிக்கு வேலை செய்தவர்கள்தான். கொங்கு வேளாளக் கவுண்டர்கள் அவர்களில் அதிகம்.

ஆனால் சாரியின் ஆய்வு அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்ததையும் காட்டுகிறது. அந்தத் தொழிலாளிக்கு ஊரில் கொஞ்சம் நிலம் இருந்தது. கிணற்றுப் பாசனத்தில் பாடுபட்டுப் பழகிய குடும்பம் ஷெட்டிலும் கூடவே உழைத்தது. கூட்டாளியாகச் சேர்ந்தவர் ஒரே சாதி, ஒரே சொந்தம், பலமுறை ஒரே கம்பனியில் ஒன்றாக வேலை செய்தவர். பழைய முதலாளியே வேலையும் கடனும் கொடுத்துக் கைதூக்கி விட்ட கதைகளும் உண்டு. 1969இல் இந்தியாவின் பெரிய வங்கிகள் தேசியமயமான பிறகு சிறுதொழிலுக்கும் வங்கிக் கடன் கிடைக்கத் தொடங்கியது.

இவை எல்லாம் சேர்ந்து ஒரே வேலையைத்தான் செய்தன. பில் போட்ட நாளுக்கும் பணம் வந்த நாளுக்கும் இடையில் உள்ள பள்ளத்தை நிரப்பின. இது இல்லாதவர்களும் அதே ஊரில் அதே அளவு உழைத்தார்கள். தலித் தொழிலாளர்களும் பெண்களும் அநேகமாகத் தொழிலாளர்களாகவே நின்றுவிட்டார்கள். அவர்கள் உழைக்காததால் அல்ல. அடகு வைக்க நிலமும், கடன் கொடுக்கச் சொந்தமும் இல்லாததால்.

சந்தையும் அப்போது இரக்கம் காட்டியது. 1970களின் கடைசிவரை பெரும்பாலும் உள்நாட்டுக்கான வெள்ளைப் பனியன்தான். மாதிரி மாறாது, நிறம் மாறாது. ஒரு வாரம் பிந்தினால் அடுத்த வாரம் விற்கலாம். கற்றுக்கொண்டே பிழைக்க நேரம் இருந்தது.

அடுத்த தலைமுறை ஏன் மாட்டிக்கொண்டது

பிறகு ஏற்றுமதி வந்தது. 1980களில் ஐரோப்பிய ஓடர்கள் பெருகி, திருப்பூர் வெளிநாட்டுக் கடைகளுக்குத் தைக்கும் ஊரானது. 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் நீடித்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகு வேலையை ஷெட்களுக்கும் கொன்ட்ராக்ட்காரருக்கும் பிரித்துக் கொடுப்பது இன்னும் கூடியது. தொழிலாளர்களில் இருந்து புதிய கொன்ட்ராக்ட்காரர்கள் உருவானார்கள். ஆளைச் சேர்ப்பது, வேலை வாங்குவது, துண்டுக் கணக்கில் கூலி பெறுவது அவர்கள் தொழில்.

இவர்களைப் பற்றி கேர்ட் டி நேவ் என்ற மானிடவியலாளர் 2014இல் எழுதிய கட்டுரையின் தலைப்பையே தமிழில் சொன்னால், பொறியில் அகப்பட்ட தொழில்முனைவு என்று வரும். இவர்களும் கடுமையாக உழைத்தார்கள். ஆனால் மேலே இருக்கும் ஏற்றுமதியாளர் கூலியையும் தேதியையும் தீர்மானிக்கிறார். கீழே இருக்கும் தொழிலாளி முற்பணம் கேட்கிறார், கூடுதல் கூலி கிடைக்கும் இடத்துக்குப் போய்விடுகிறார். நடுவில் நிற்பவர் இரண்டு பக்கத்து இழுப்பையும் தாங்க வேண்டும். சேமித்து அடுத்த படிக்குப் போனவர் குறைவு.

சட்டம் இல்லாமல் இல்லை. இந்தியாவின் 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, சிறு தொழில்காரருக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், பிந்தினால் வட்டி. ஆனால் ஒரே ஒரு கம்பனியை நம்பி வாழும் ஷெட்காரர் அந்தக் கம்பனி மேல் முறைப்பாடு செய்தால் அடுத்த நாள் சாமான் யார் தருவார்? பலவீனமான இடத்தில் நின்றுகொண்டு சட்டத்தைப் பிடிப்பது கடினம்.

2011 தை மாதம் இன்னொரு பாடம் வந்தது. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு விடப்படுவது நிற்கவில்லை என்பதால், சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. விவசாயிகளின் பக்கம் நியாயம் இருந்த தீர்ப்பு அது. ஆனால் சாயம் போடாமல் துணி இல்லை, துணி இல்லாமல் தையல் இல்லை, தையல் இல்லாமல் பினிஷிங் இல்லை. ஆற்றில் ஒரு சொட்டும் விடாத அயன் மேசைக்காரரும் வேலையின்றி உட்கார வேண்டியதாயிற்று. சங்கிலியின் கடைசி வளையத்தில் இருப்பவர், தான் கண்ணால் காணாத வளையம் அறுந்தாலும் விழுவார்.

இங்கே பசறையில்

நம் நாட்டின் கதை கொஞ்சம் வேறு. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்கி, கார்மென்ட்ஸைக் கொழும்பைச் சுற்றி மட்டும் வைக்காமல் கிராமப் பிரதேசங்களுக்கும் கொண்டுவந்தார். ஆனால் வந்தவை பெரும்பாலும் ஒரே கூரைக்குள் எல்லாம் நடக்கும் ஃபக்டரிகள். திருப்பூரைப்போல் ஷெட்டுக்கு ஷெட் சாமான் போகும் ஊர் இங்கே உருவாகவில்லை.

ஆகவே முதலாவது கேள்வி: சாமான் யாருடையது? வெளிநாட்டுப் பெரிய கடைகளுக்குப் போகும் ஓடர் என்றால், அவர்கள் அனுமதி கொடுத்த இடத்துக்கு வெளியே சாமானை அனுப்ப அநேகமாக விடுவதில்லை. பங்களாதேஷில் 2012 கார்த்திகையில் தஸ்ரீன் ஃபக்டரி எரிந்தபோதும், 2013 ஏப்ரலில் ரானா பிளாசா இடிந்தபோதும், எங்கள் சாமான் அங்கே இருந்ததே எங்களுக்குத் தெரியாது என்று சொன்ன கம்பனிகள் உண்டு. அதற்குப் பிறகு இந்தக் கட்டுப்பாடு இன்னும் இறுகியது. அனுமதியில்லாத சாமானை இரவோடு இரவாக ஒருவர் உங்கள் ஷெட்டில் இறக்கினால், பிடிபடும் நாளில் அவர் உங்களைத் தெரியாது என்பார், பில்லும் கிடைக்காது. உள்ளூர்ச் சந்தைக்கும் பாடசாலைச் சீருடைக்கும் தைக்கும் சின்ன ஃபக்டரிகளில்தான் நம் ஷெட்டுக்கு நேர்மையான இடம் இருக்கிறது. அங்கேயும் சீருடை வேலை தவணை தொடங்கும் முன் சில மாதங்களுக்குத்தான். மீதி மாதங்களுக்கு வேறொரு ஃபக்டரி வேண்டும். ஒரே வாசலை நம்பி ஆறு பேரை வேலைக்கு வைக்கக் கூடாது என்பதைத் திருப்பூரே சொல்லிவிட்டது.

இரண்டாவது கேள்வி: இரண்டு மாதம் காத்திருக்கும் காசு யாரிடம்? டவுனில் சொந்தக் காணியும் உறுதியும் உள்ளவர் வங்கிக்குப் போகலாம். லயத்துக்குப் பின்னால் ஷெட் போட்டவருக்கு அந்த நிலத்துக்கு உறுதி இல்லை. வங்கி அதை ஏற்காது. திருப்பூரில் நிலம் இருந்த தொழிலாளிக்கும் இல்லாத தொழிலாளிக்கும் இடையில் இருந்த அதே வித்தியாசம், இங்கே டவுன் ஷெட்டுக்கும் தோட்டத்து ஷெட்டுக்கும் இடையில் இருக்கிறது. தோட்டத்து அண்ணன் ஒருவர் தொடங்கித் தோற்றால், அவருக்குத் திறமை போதாது என்று சொல்வதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.

அவருக்கு வழி இல்லை என்று நாம் சொல்லவில்லை. காத்திருப்பு நீண்டால் முதல் கூட வேண்டும், காத்திருப்பு குறைந்தால் முதல் குறையும். கிழமைக்கு ஒருமுறை பணம் தருவதாக ஒப்புக்கொள்ளும் சின்ன ஃபக்டரியிடம், உடுப்புக்கு இரண்டு ரூபா குறைத்துப் பேசினாலும் பரவாயில்லை. நம் கணக்கில் 18 ரூபா என்றாலும் நாளுக்கு 960 ரூபா மிஞ்சும், வீட்டு ஆட்களே ஆறில் இரண்டு மூன்று பேர் என்றால் அவர்கள் கூலியும் வீட்டோடு நிற்கும். வெளியே போடும் காசு 6 இலட்சத்தில் இருந்து ஒரு கிழமைச் செலவான 72,000 ரூபாவாக இறங்கிவிடும். அதை ஒரு சீட்டுக் காசில் சமாளிக்கலாம், நகை அடகு வைக்கத் தேவையில்லை. இரண்டு மாதக் கடனில் தரும் 20 ரூபாவை விட, சனிக்கிழமை கையில் வரும் 18 ரூபா தொடங்குபவருக்குப் பெரிது.

மூன்றாவது, எழுத்து. சாமான் வரும்போது எண்ணி, சீட்டில் இரண்டு பக்கமும் கையெழுத்து. ஃபக்டரி ஏற்றுக்கொண்ட ஒரு மாதிரி உடுப்பை, மடிப்போடும் பையோடும், கையெழுத்திட்டு உங்கள் சுவரில் தொங்கவிடுங்கள். நாளைக்கு மடிப்புச் சரியில்லை என்று யாராவது சொன்னால் அதைக் காட்டலாம். பிழையோடு வந்த உடுப்பை அன்றன்றே எண்ணி எழுதி, ஃபோனில் படமெடுத்து அனுப்பிவிடுங்கள். பத்து நாள் கழித்துச் சொன்னால் பிழை உங்கள் ஷெட்டில் நடந்ததாகத்தான் எடுப்பார்கள். சாமான் வராத நாளுக்குப் பாதிக் கூலியாவது கேளுங்கள். தர மாட்டார்கள் என்றால், ஆட்களை முழு நாளுக்கு வைக்காமல் வீட்டு ஆட்களோடு மட்டும் தொடங்குங்கள்.

முதல் ஓடரை ஐயாயிரம் உடுப்பில் எடுக்க வேண்டாம். ஐந்நூறில் எடுங்கள். அந்த ஐந்நூறில் மூன்று எண்களைக் கொப்பியில் எழுதுங்கள்: ஓர் உடுப்புக்கு உண்மையில் எத்தனை நிமிடம் போனது, நூற்றுக்கு எத்தனை பிழையோடு வந்தது, பில் கொடுத்து எத்தனை நாளில் காசு வந்தது. முதலாவது எண் மூன்று நிமிடத்தில் இருந்து நான்கானால், மேலே நாம் போட்ட கணக்கில் 540 உடுப்புத்தான் முடியும், அடக்கவிலை 22 ரூபாவைத் தாண்டிவிடும். 20 ரூபாவுக்குக் கை குலுக்கிய பிறகு இதைக் கண்டுபிடித்துப் பயனில்லை.

ஊரில் இப்படித் தொடங்கியிருக்கும் யாராவது இந்த மூன்று எண்ணையும் எழுதி வைத்திருந்தால் நமக்கும் சொல்லுங்கள். அடுத்தவர் கூலி பேசப் போகும்போது கையில் கொண்டுபோக அது உதவும்.